ஒரு கிரைண்டர், 3,070 ரூபாய், நாற்பது நாள்: வீட்டிலிருந்து இட்லி மாவு விற்ற கணக்கு

எட்டடிக்கு ஆறடி சமையலறை. ஒரு மேடை, ஒரு ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்த அளவு கிரைண்டர் இருக்கிறது. அதனால்தான் ஊறுகாய், முறுக்கு, சாப்பாடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மாவைத் தேர்ந்தெடுத்தது. எண்ணெய்ச் சட்டி வேண்டாம், கூடுதல் சிலிண்டர் வேண்டாம், முதல் நாளே காசு கைக்கு வரும். பங்குனியில் தொடங்கி நாற்பது நாளில், தினமும் ஐந்து கிலோ என்ற அளவில் தடுமாறாமல் நிற்கிறது. இதற்கு நடுவில் சில தவறுகள் நடந்தன. அவற்றை அப்படியே எழுதுகிறேன்.

முதலீட்டில் பெரிய செலவு தராசுதான். வீட்டில் இருக்கும் சமையல் தராசை வைத்து விற்கக் கூடாது. எடை போட்டு விற்பதற்கு எடையளவுத் துறையின் முத்திரை பெற்ற தராசு வேண்டும். பத்து கிலோ எலக்ட்ரானிக் தராசு முத்திரையோடு 2,100 ரூபாய் ஆனது. உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவுக்கு ஒரு வருடக் கட்டணமாக 100 ரூபாய் கட்டினோம். foscos.fssai.gov.in தளத்தில் புகைப்படமும் அடையாளச் சான்றும் வைத்து நாமே விண்ணப்பிக்கலாம். பத்து கிலோ இட்லி அரிசி 480, இரண்டரை கிலோ முழு உளுந்து 350, வெந்தயமும் கல் உப்பும் சேர்த்து 40. ஆக மொத்தம் 3,070. ஐந்து நாளைக்கான சரக்கும் இதிலேயே அடக்கம். பாத்திரங்கள் வீட்டில் இருந்தவை.

ரேஷன் புழுங்கலரிசியில் இட்லி நன்றாகத்தான் வரும், ஆனால் அதை விற்பனைக்கு எடுப்பது குற்றம். அரிசிச் செலவு பூஜ்யம் என்று கணக்குப் போட்டு இறங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கே வேண்டாம்.

<b>அளவு</b>

ஒரு ஈடுக்கு இட்லி அரிசி 1 கிலோ, தோல் நீக்கிய முழு உளுந்து 250 கிராம், வெந்தயம் 5 கிராம், கல் உப்பு 25 கிராம். இதிலிருந்து கிரைண்டரில் ஒட்டியது போக 2.75 கிலோ மாவு கிடைக்கிறது. இரண்டு ஈடு அரைத்தால் ஐந்தரை கிலோ. ஐந்து கிலோ விற்பனைக்கு, அரைக் கிலோ வீட்டுக்கு.

அந்த வீட்டு அரைக் கிலோவை மிச்சம் என்று நினைத்து விற்றுவிடக் கூடாது. மறுநாள் காலையில் அதில் இட்லி ஊற்றிப் பார்த்தால்தான், முந்தின நாள் மாலையில் ஊருக்கு எதைக் கொடுத்தோம் என்பது தெரியும். யாராவது குறை சொன்னால், மாவில் கோளாறா அவர்கள் வைத்த விதத்தில் கோளாறா என்று சொல்வதற்கும் அதுதான் சாட்சி.

இரண்டு லிட்டர் கிரைண்டர் என்றால் இரண்டு லிட்டர் மாவு ஆட்டலாம் என்று பொருள் இல்லை. அரிசி ஊறி ஒன்றே கால் கிலோவுக்கு மேல் வந்துவிடும். அதோடு அரை லிட்டர் தண்ணீர் சேரும்போது ஒரு கிலோ அரிசிக்கே டிரம் முக்கால்வாசி நிறைகிறது. உளுந்து அதைவிட மோசம், காற்றை இழுத்து உப்பிக்கொண்டே போகும். மூன்றாம் நாள் ஏழு கிலோ ஆர்டர் வந்தது. நேரம் மிச்சம் என்று அரைக் கிலோ உளுந்தை ஒரே ஈடாகப் போட்டோம். இருபது நிமிடத்தில் மாவு டிரம்மின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. வழிந்ததைவிடப் பெரிய நஷ்டம், கல்லுக்கு மேலே ஏறி நின்ற மாவு கீழே இறங்கவே இல்லை. அடியில் இருந்தது மட்டும் மசிந்தது, மேலே திப்பித் திப்பியாக நின்றது. அன்றைய இட்லி கனத்துப்போனது. 250 கிராம் என்பதுதான் இந்த டிரம்முக்கு நிம்மதியான அளவு. 300 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

<b>நாளின் ஓட்டம்</b>

ஆர்டர் காலை பதினொரு மணியோடு முடிந்துவிடும். தெருவிலும் அடுத்த குடியிருப்பிலும் இருக்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள், சிலர் வாசலில் நின்று சொல்வார்கள், எல்லாம் ஒரே நோட்டில் ஏறும். பதினொன்றரைக்கு அரிசியை நான்கு முறை கழுவி ஊற வைக்கிறோம். அரிசிக்கு நாலரை மணி நேரம் போதும். உளுந்தையும் வெந்தயத்தையும் மூன்று மணிக்குக் கழுவி, ஊற வைத்த பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் ஊறிய உளுந்து அவ்வளவாக உப்பவில்லை.

நான்கு மணிக்கு முதல் உளுந்து. தண்ணீர் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், 250 கிராமுக்கு மொத்தம் 450 மில்லி. ஆரம்பத்தில் 150 மில்லி ஊற்றி, பிறகு நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கை நிறையத் தெளிக்கிறோம். முழுவதையும் தொடக்கத்திலேயே ஊற்றினால் பருப்பு கல்லுக்கு அடியில் சிக்காமல் நீந்தும், நுரை பிடிக்காது. முப்பது நிமிடம் ஆனதும் ஒரு கிண்ணத் தண்ணீரில் துளி மாவை விட்டுப் பார்க்கலாம். மிதந்தால் எடுக்கலாம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓட வேண்டும். இரண்டாவது உளுந்தும் இதே மாதிரி.

அதன் பிறகு மோட்டாருக்குப் பத்து நிமிட ஓய்வு. இந்த ஓய்வைத் தவிர்த்த நாளில் மோட்டாரின் சூடு டிரம்முக்கு ஏறி, அரிசி மாவு வெதுவெதுப்பாக வந்தது. அது இரவு பத்து மணிக்கே புளித்துப் பொங்கிவிட்டது. வீட்டு கிரைண்டர் மணிக்கணக்காக ஓடுவதற்குச் செய்யப்பட்டது அல்ல. மோட்டார் பக்கத்தில் கை வைத்து, வைத்த கையை எடுக்கத் தோன்றினால் நிறுத்திவிட வேண்டும்.

உளுந்து எடுத்த டிரம்மைக் கழுவாமல் அரிசியைப் போடலாம். ஒரு கிலோவுக்குச் சுமார் 520 மில்லி தண்ணீர், இருபத்தைந்து நிமிடம். விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் மெல்லிய ரவை போல ஒரு நறநறப்பு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நைசாக அரைத்தால் நல்லது என்ற நினைப்பில் முப்பத்தைந்து நிமிடம் ஓட்டிய மாவில் இட்லி பிசுபிசுவென்று துணியை விடாமல் ஒட்டியது. தோசைக்கு அது குற்றமில்லை. ஆனால் வாங்குகிறவர் முதல் நாள் இட்லிதான் ஊற்றுவார், அதை வைத்துத்தான் மாவை எடை போடுவார்.

கல் உப்பை அரிசியின் கடைசிச் சுற்றில் போட்டுவிட்டால் தனியாகக் கரைக்கும் வேலை மிச்சம். உளுந்து மாவையும் அரிசி மாவையும் பெரிய பாத்திரத்தில் சேர்த்து, அடியிலிருந்து மேலாக நீளக் கரண்டியால் கலக்கிறோம். கையால் பிசைந்தால்தான் புளிக்கும் என்பார்கள். புளிக்க வைக்கும் கிருமிகள் பெரும்பாலும் உளுந்தோடேயே வருகின்றன. விற்கிற மாவில் கரண்டியே போதும், அதுதான் சுத்தமும். ஆறேகாலுக்குக் கலந்து முடியும், ஆறரை முதல் ஏழரைக்குள் எடுத்துப் போய்விடுவார்கள்.

<b>புளித்த மாவை பாக்கெட் போட்டது</b>

முதல் வாரம் முறை வேறாக இருந்தது. இரவு ஆட்டி, காலை வரை புளிக்க விட்டு, ஏழு மணிக்கு ஒரு கிலோ கவரில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தோம். கடையில் அப்படித்தானே தொங்குகிறது என்ற எண்ணம். மதியத்துக்குள் ஐந்து கவரும் தலையணையாக உப்பின. ஒன்று வாங்கிப் போனவர் பையிலேயே அவிழ்ந்து, காய்கறியெல்லாம் மாவானது. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மறுநாள் ஒரு கிலோ சும்மாவும் கொடுக்க வேண்டியிருந்தது.

ஃபிரிட்ஜில் வைத்த உடனே மாவு புளிப்பதை நிறுத்திவிடாது. ஒரு கிலோ மாவின் நடுப்பகுதி குளிர்வதற்கே பல மணி நேரம் ஆகும். ஐந்து கவரை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் இன்னும் நேரம் பிடிக்கும். அதுவரை உள்ளே காற்று உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கும். கவரில் ஊசியால் ஓட்டை போட்டுப் பார்த்தோம். காற்று போனது, கூடவே மாவும் கசிந்தது. சிறு ஃபிரிட்ஜில் வீட்டுப் பாலும் குழம்பும் வைக்க இடமில்லாமல் போனது தனிக் கதை.

அதனால் எட்டாம் நாளிலிருந்து புளிக்காத பச்சை மாவுதான். மாலை ஆட்டியது அன்று மாலையே போய்விடும். மாவை ஃபிரிட்ஜில் வைக்கும் வேலையே இல்லை. வாங்குகிறவர் தூக்கோ டப்பாவோ கொண்டு வர வேண்டும். பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைக் கழித்துவிட்டு, அவர் கண் முன்னே அளந்து ஊற்றுகிறோம். கவர் செலவு போனது, லேபிள் ஒட்டும் வேலை போனது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கும் மாநிலத்தில், பை கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சும் எழவில்லை.

பச்சை மாவு விற்பதில் ஒரு சிக்கல் உண்டு. புளிக்க வைக்கும் பொறுப்பு வாங்குகிறவர் கைக்குப் போகிறது. முதல் மூன்று நாளில் இரண்டு புகார். ஒருவர் கடை மாவு என்ற பழக்கத்தில் நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார், காலையில் இட்லி தட்டையாக இருந்தது. இன்னொருவர் கொண்டு வந்த டப்பாவிலேயே வாய் வரை மாவை வைத்து இறுக மூடிவிட்டார், மேடை முழுக்க வழிந்திருந்தது. இப்போது ஊற்றும்போதே சொல்லிவிடுகிறோம்: “பெரிய பாத்திரத்துல பாதி அளவுக்கு மாத்தி வையுங்கக்கா. மூடிய லேசா வையுங்க. ராத்திரி படுக்கும்போது பாருங்க, பொங்கியிருந்தா ஃபிரிட்ஜுல வச்சிருங்க.” சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்தில் மாவு தயார். மார்கழியில் இதே மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அப்போது ஆட்டும் நேரத்தை ஒரு மணி நேரமாவது முன்னால் தள்ள வேண்டியிருக்கும்.

<b>பழைய உளுந்து, பழைய மாவு</b>

இரண்டாம் வாரம் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவாகக் கிடைத்ததென்று வேறு கடையில் உளுந்து வாங்கினோம். பார்வைக்கு வித்தியாசம் இல்லை. வழக்கமாக 250 கிராம் உளுந்து அரைத்தால் டிரம்மில் ஒன்றே கால் லிட்டருக்கு மேல் நிற்கும். இது அதே தண்ணீருக்கு ஒரு லிட்டரைக்கூடத் தொடவில்லை. நாள்பட்ட உளுந்து. அளவு குறைந்ததை ஈடுகட்டக் கூடுதல் தண்ணீர் விட்டால் மாவு நீர்த்துப்போகிறது, இட்லி ஆப்பம் மாதிரி பரந்துவிடுகிறது. அந்த இரண்டு கிலோவை வடைக்கும் வீட்டுச் சமையலுக்கும் ஒதுக்கிவிட்டோம். இருபது ரூபாய் ஆசையில் நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், 240 ரூபாய்ச் சரக்கு விற்பனைக்கு உதவாமல் போனது.

அதன் பிறகு புது உளுந்து வாங்கினால் முதலில் ஐம்பது கிராம் ஊற வைத்து மிக்சியில் ஆட்டிப் பார்க்கிறோம். மிக்சி சூடாவதால் கிரைண்டர் அளவுக்கு உப்பாது என்றாலும், ஏற்கெனவே இருக்கும் நல்ல உளுந்து ஐம்பது கிராமையும் அதே மாதிரி ஆட்டிப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முழு உளுந்துக்குப் பதில் உடைத்த உளுந்து வாங்கலாமா என்றால், விலை கொஞ்சம் குறையும், மாவு காணாது.

இன்னொரு தவறு, விற்காமல் நின்ற ஒன்றரைக் கிலோ மாவை மறுநாள் புது மாவில் கலந்தது. அது ஏற்கெனவே பொங்கிப் புளித்த மாவு. புது மாவு இரவு ஒன்பது மணிக்கே புளித்து, காலையில் மூக்கைத் துளைத்தது. வாங்கிய ஐந்து பேரில் மூன்று பேர் அந்த வாரம் திரும்ப வரவில்லை. நின்றுபோன மாவு என்றால் அன்றிரவு வீட்டில் ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம், அவ்வளவுதான். ஆர்டர் எடுத்த பிறகு அரிசி ஊற வைக்கும் வழக்கம் இந்த அடிக்குப் பிறகு வந்ததுதான்.

<b>கணக்கு</b>

இரண்டு ஈடுக்கு அரிசி 96, உளுந்து 70, வெந்தயமும் உப்பும் 2. ஊற வைக்கவும் ஆட்டவும் கேன் தண்ணீர் 9. மின்சாரம் 2, ஏனென்றால் 150 வாட் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. சோப்பு, துணி 5. ஆக ஒரு நாளைக்கு 184 ரூபாய்.

கிலோ 55, அரைக் கிலோ 30 என்று விற்கிறோம். ஐந்து கிலோவில் வழக்கமாக மூன்று கிலோ முழுதாகவும் இரண்டு கிலோ அரை அரையாகவும் போகும். வரவு 285. மிச்சம் 101 ரூபாய். கழுவுவது, ஆட்டுவது, ஊற்றுவது, மறுபடி கழுவுவது என்று கையோடு மூன்று மணி நேரம் போகிறது. மணிக்கு முப்பத்து மூன்று ரூபாய். தராசுக் காசு திரும்ப இருபத்தொரு விற்பனை நாள் ஆனது. மாவு விற்றால் மாதம் பத்தாயிரம் என்று சொல்கிறவர்களிடம், எத்தனை லிட்டர் கிரைண்டர், எத்தனை கிலோ அரிசி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இருபத்திரண்டாம் நாளிலிருந்து இட்லிப் பொடியும் சேர்ந்தது. மாவு வாங்க வந்தவரே “பொடி இருக்கா?” என்று கேட்டதுதான் தொடக்கம். உளுந்து 100 கிராம், கடலைப்பருப்பு 100, எள் 50, காம்பு கிள்ளிய மிளகாய் வற்றல் 40, உப்பு 18, பெருங்காயம் 5. எண்ணெய் விடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள்ளைக் கடைசியில், அது படபடவென்று வெடிப்பது அடங்கும் வரை. எல்லாம் நன்றாக ஆறிய பிறகு மிளகாயும் பருப்பும் முதலில், எள் கடைசியில் இரண்டு சுற்று மட்டும். எள்ளை முதலிலேயே போட்டால் எண்ணெய் விட்டுப் பொடி கட்டியாகும். சூட்டோடு பாக்கெட்டில் போட்டால் உள்ளே வியர்த்து, பத்து நாளில் சிக்குவாடை வரும்.

சரக்குச் செலவு 47 ரூபாய், கிடைப்பது 295 கிராம் அளவு. ஐம்பது கிராம் பாக்கெட்டுக்கு 8 ரூபாய், கவரும் லேபிளும் 2, விற்பனை 20. பாக்கெட் என்று வந்துவிட்டால் பொருளின் பெயர், சேர்த்தவை, நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை உண்ணலாம், பச்சைப் புள்ளி, பதிவு எண், முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். வாரம் மூன்று ஈடு வறுத்தால் பதினைந்து பாக்கெட் விற்கிறது, மீதி வீட்டுக்கு. ஒன்றரை மணி நேர வேலைக்கு 150 ரூபாய். மணிக் கூலியில் பார்த்தால் மாவைவிட மூன்று மடங்கு. ஆனால் பொடியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வாரம் பதினைந்து பேர் வாசலுக்கு வரமாட்டார்கள். தினமும் தூக்கோடு வருகிறவர் கையில்தான் அது போகிறது.

<b>அடுத்த முறை மாற்றப்போவது</b>

முதல் நாளே கிலோ 60 என்று வைத்திருக்க வேண்டும். 55-இல் தொடங்கியபின் ஐந்து ரூபாய் ஏற்றுவது, ஐந்து புது வாடிக்கை பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. முதல் வாரம் ஒரு ஈடு மட்டும் ஆட்டிப் பழகியிருந்தால் கவரும் வீணாகியிருக்காது.

பத்து கிலோவுக்குப் போக பெரிய கிரைண்டர் வாங்கும் யோசனை இருந்தது. விலை ஒரு பக்கம், எட்டடி சமையலறையில் அதை வைக்கவே இடமில்லை. அதைவிட இன்னொரு பழைய இரண்டு லிட்டர் கிரைண்டர் தேவலை. ஒன்றில் உளுந்து, ஒன்றில் அரிசி என்று ஒரே நேரத்தில் ஓடினால் ஐந்து கிலோ ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும், மோட்டாரும் ஆறும். இரண்டாவது வீட்டில் பரணில் தூங்கும் கிரைண்டர் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறதாம், அரிசி கெட்டியானால் டிரம் நின்று நின்று சுற்றுகிறதாம். பெல்ட் மாற்றி, ஒரு கிலோ அரிசி போட்டு ஓட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.